22 கேள்விகளை 7 ஆக்குவது எப்படி?

நான்காம் வகுப்பில் நீர்ச்சுழற்சிப் பாடம் முடிந்ததும் ஒரு பயிற்சித்தாள் தருவார்கள். ஒரே ஏ4 தாள், ஒரே பக்கம். மேலே ஒன்பது வரியில் நெருக்கமாக ஒரு பத்தி. அதற்குக் கீழே ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ ஐந்து, ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ ஐந்து, ‘பொருத்துக’ ஐந்து, ‘சரியா தவறா’ நான்கு, கடைசியில் ‘ஓரிரு வரிகளில் விடையளி’ மூன்று. ஆக மொத்தம் 22. தாளை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காக எழுத்து 11 புள்ளி அளவுக்குச் சுருக்கப்பட்டிருக்கும். நான்கு ஓரங்களிலும் விரல் வைக்க இடம் இருக்காது. நம் ஊர்ப் பள்ளிகளில் பல பாடங்களுக்குத் தரப்படும் தாள்களின் பொதுவான தோற்றம் இதுதான்.

இந்தத் தாள் டிஸ்லெக்சியா உள்ள ஒரு சிறுவனிடம் போகிறது. அவனைக் கதிர் என்று அழைப்போம். பாடம் நடந்தபோது அவன் நன்றாகவே கவனித்தான். “துணி ஏன்டா வெயில்ல சீக்கிரம் காயுது?” என்று டீச்சர் கேட்டால், “சூட்டுல தண்ணி ஆவியாப் போயிடுது டீச்சர்” என்று உடனே சொல்வான். ஆனால் தாள் கைக்கு வந்து ஒரு பாடவேளை முடியும்போது எட்டுக் கேள்விகளைத்தான் தொட்டிருப்பான். முதல் நான்கைந்து சரியாக இருக்கும். அடுத்தவை ஊகம். பொருத்துகவில் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கடைசிப் பகுதி வெறுமையாக இருக்கும். 22க்கு 6 மதிப்பெண். அந்த 6 எதை அளந்தது? நீர்ச்சுழற்சியைப் பற்றிய அவன் அறிவை அல்ல. அவனால் எவ்வளவு வேகமாக வாசிக்க முடியும் என்பதைத்தான்.

டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் பார்வையில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு சட்டென்று இணைப்பதில் இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்குத் தானாக நடக்கும் இந்த வேலையை இந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எழுதுவதை ஏறக்குறைய அப்படியே உச்சரிக்கும் மொழிகளில் இந்தக் குறைபாடு தவறுகளாக வெளிப்படுவதைவிட மெதுவாக வாசிப்பதாகவே அதிகம் வெளிப்படும். இத்தாலிய மொழிக் குழந்தைகளிடம் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. தமிழும் பெருமளவு அந்த வகைதான். கதிர் ‘மே… க… ம்… மேகம்’ என்று கூட்டிக் கூட்டிச் சரியாகவே படித்துவிடுவான். ஆனால் மற்றவர்கள் மூன்று வரி முடிக்கும் நேரத்தில் அவன் ஒரு வரியில்தான் இருப்பான். அந்த வரியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்திருக்கும். ஆகவே அவனுக்காகத் தாளை மாற்றும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த எழுத்துரு என்பதல்ல. எவ்வளவு படிக்கச் சொல்கிறோம் என்பதுதான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் முதலில் தேடிப் போவது எழுத்துருவைத்தான். டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆங்கில எழுத்துருக்கள் இருக்கின்றன. Dyslexie, OpenDyslexic ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. எழுத்தின் அடிப்பகுதியைத் தடிமனாக்கி, b, d போன்றவை புரண்டு தெரியாதபடி செய்வதுதான் அவற்றின் கருத்து. ஆனால் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவத்தால் தனிப் பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், Dyslexie எழுத்துருவில் குழந்தைகள் சற்று வேகமாகப் படித்தார்கள். ஆனால் சாதாரண Arial எழுத்தையும் அதே இடைவெளியோடு அச்சிட்டுக் கொடுத்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. உதவியது எழுத்தின் உருவம் அல்ல. எழுத்துகளைச் சுற்றியிருந்த வெற்றிடம்.

அதற்காக எந்த எழுத்துருவையும் போடலாம் என்று அர்த்தமில்லை. எழுத்துரு உதவாமல் போகலாம். ஆனால் கெடுக்க முடியும். தமிழில் எங்கே கெடுக்கும் என்பது ஆங்கிலக் கையேடுகளில் இருக்காது. நம் எழுத்தில் ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும், ‘கி’க்கும் ‘கீ’க்கும் இடையே மிகச் சிறிய ஒரு சுழியோ கோடோதான் வேறுபாடு. பல எழுத்துருக்களில் ‘ர’வையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சின்னச் சாய்கோடு மட்டுமே. மெய்யெழுத்தின் தலைப்புள்ளியோ இன்னும் சிறியது. அலங்கார எழுத்துருவிலும் மிகத் தடித்த எழுத்திலும் இந்த வேறுபாடுகள் அடைபட்டுப் போகும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘பட்டம்’ என்ற சொல்லையே குழந்தை ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே கோடுகள் ஒரே தடிமனாக ஓடும், சுழியும் புள்ளியும் தெளிவாகத் தெரியும் எழுத்துரு வேண்டும். Noto Sans Tamil இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் கணினியோடு வரும் Nirmala UI எழுத்துருவும் போதும். 14 புள்ளியில் தொடங்கி, தேவைப்பட்டால் 16க்குப் போகலாம். முக்கியமான சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுங்கள். சாய்வெழுத்து வேண்டாம். அடிக்கோடும் வேண்டாம், அது ‘கு’, ‘மு’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியில் மோதும். ஆங்கிலத் தாளுக்கு Arial, Verdana, Comic Sans ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதுமானது. எழுத்துருவுக்கு இதற்குமேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

இடைவெளிக்கு வருவோம். இத்தாலியிலும் பிரான்சிலும் 8 முதல் 14 வயது வரையுள்ள 74 டிஸ்லெக்சியா குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. 14 புள்ளி எழுத்தில் எழுத்துகளுக்கு இடையே கூடுதலாக 2.5 புள்ளி இடம் விட்டு, அதற்கேற்ப வரிகளுக்கு இடையிலும் இடத்தைக் கூட்டினார்கள். எந்தப் பயிற்சியும் தராமலே குழந்தைகள் இருமடங்கு துல்லியமாகவும், 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வேகத்திலும் படித்தார்கள். ஓர் எழுத்தைப் பார்க்கும்போது பக்கத்து எழுத்துகள் அதை நெருக்கி மறைக்கும் தொல்லை இக்குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

அந்த ஆய்வு ரோமன் எழுத்தில் நடந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதும் இல்லை. தமிழுக்கு அந்த 2.5ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ‘மேகம்’ என்பதில் கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒலியோ மகரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘நீரோடை’ போன்ற சொல்லில் அந்தக் கொம்பு ‘நீ’யோடு சேர்ந்ததா, ‘ர’வோடு சேர்ந்ததா என்று குழந்தை தடுமாறும். எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடம் கிடைத்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். ஆனால் மென்பொருள் கொம்பையும் துணைக்காலையும் அவற்றுக்குரிய மெய்யிலிருந்து விலக்கி வைத்துவிட்டால் தடுமாற்றம் இருமடங்காகும். அதனால் மாற்றிய பிறகு ‘வெப்பம்’, ‘மேகம்’, ‘நீரோடை’ ஆகிய மூன்று சொற்களை அச்சிட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் தம் எழுத்தோடு ஒட்டி நின்றால் சரி. விலகியிருந்தால் எழுத்து இடைவெளியைத் தொடாமல், சொற்களுக்கு இடையிலும் வரிகளுக்கு இடையிலும் மட்டும் இடத்தைக் கூட்டுங்கள். தமிழில் பெரும்பாலான பலன் அந்த இரண்டிலிருந்தே கிடைக்கும்.

வேர்டு மென்பொருளில் இது ஐந்து நிமிட வேலை. எழுத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் வரும் பெட்டியில் Advanced பகுதிக்குப் போய், Spacing என்பதில் Expanded தேர்ந்து, By என்ற இடத்தில் 1 pt என்று தொடங்குங்கள். வரி இடைவெளிக்கு Paragraph பெட்டியில் Line spacing என்பதை 1.5 lines ஆக்குங்கள். அதே பெட்டியில் After என்பதை 12 pt என்று வைத்தால் கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே வெற்றிடம் கிடைக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளிக் கட்டையை இரண்டு முறை தட்டினால் போதும்.

பிறகு Ctrl+L அழுத்தி வரிகளை இடப்பக்கமாகச் சீர்படுத்துங்கள். இரண்டு ஓரமும் நேராக வரும்படி வரிகளை இழுத்து நிரப்புவது அழகாக இருக்கிறது என்று நாம் பழகியிருக்கிறோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அப்படி நிரப்பும்போது ஒரு வரியில் பள்ளமாக இடைவெளி விழும், அடுத்த வரியில் சொற்கள் நெருங்கி நிற்கும். இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. நாளிதழ்ப் பத்திகளில் வரி முடியும் இடத்தில் சொல்லை, இணைப்புக்கோடுகூட இல்லாமல் அப்படியே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவோம். வளர்ந்த வாசகர் அதைக் கவனிப்பதே இல்லை. கதிருக்கு ‘ஆவியா’ என்று ஒரு வரி முடிந்து ‘கிறது’ என்று அடுத்த வரி தொடங்கினால், அவை இரண்டு அந்நியச் சொற்கள். சொல் உடையவே கூடாது. இன்னும் நல்லது, பொருளோடு முடியும் இடத்தில் வரியை முடிப்பது.

இவ்வளவும் ஒரு கணினி தெரிந்தவர் செய்துவிடக் கூடியவை. கேள்விகளைக் குறைப்பது ஆசிரியர் மட்டுமே செய்யக் கூடிய வேலை. அதில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. “இவனுக்கு முதல் பத்துக் கேள்வி போதும்” என்று தாளை நடுவில் மடித்துக் கொடுப்பது குறைப்பதே அல்ல. நம் தாள்களில் எளிய கேள்விகள் மேலேயும் சிந்திக்க வைக்கும் கேள்விகள் கீழேயும் இருக்கும். மடித்தால் சிந்தனைதான் வெட்டுப்படும். மெதுவாகப் படிக்கும் குழந்தைக்கு மெதுவான மூளை என்று முடிவு கட்டுவதற்கு இது சமம்.

சரியான வழி இப்படி. 22 கேள்விகளையும் எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் பாடத்தின் எந்தக் கருத்தைச் சோதிக்கிறது என்று ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதுங்கள். நீர்ச்சுழற்சித் தாளில் இதைச் செய்தால் நான்கே கருத்துகள் வரும்: வெப்பத்தால் நீர் ஆவியாகிறது, ஆவி குளிர்ந்து மேகமாகிறது, மழைநீர் நிலத்துக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது, இது திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் நடக்கிறது. ஆவியாதலை மட்டுமே ஏழு கேள்விகள் வெவ்வேறு வேடத்தில் கேட்டிருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அந்த ஏழும் கூடுதல் பயிற்சி. கதிருக்கு அவை ஏழு முறை படிக்க வேண்டிய சுமை, அறிவதோ ஒன்றே ஒன்று. ஒரு கருத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். கடைசியில் இருக்கும் ‘ஈரத்துணி நிழலைவிட வெயிலில் சீக்கிரம் காய்வது ஏன்?’ என்ற கேள்வியை மட்டும் தொடவே கூடாது. அந்தத் தாளிலேயே உயர்ந்த கேள்வி அதுதான், கதிர் நன்றாகச் சொல்லக் கூடியதும் அதுதான்.

எஞ்சும் ஏழு கேள்விகளை இரண்டு தாள்களில் பிரிக்கலாம். முதல் தாளின் தலையில் மூன்று சொற்கள் மட்டும்: வெப்பம், ஆவி, மேகம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறு கோட்டுப்படம். வேலை தொடங்குமுன் டீச்சர் அவற்றை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், அந்தச் சொற்கள் பத்தியில் வரும்போது கதிர் புதிதாகக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்காது. ஒன்பது வரிப் பத்தியை மூன்று துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நேர் கீழேயே அதற்கான ஒரு கேள்வி. பழைய தாளில் விடை தேடி அவன் ஒவ்வொரு முறையும் மேலே போய் ஒன்பது வரியையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. இப்போது மூன்று வரிக்குள் தேடினால் போதும். பத்தி முன்பக்கமும் கேள்விகள் பின்பக்கமும் இருப்பது எல்லாவற்றிலும் மோசம். புரட்டுவதற்குள் படித்தது போய்விடும்.

இரண்டாம் தாளில் கோடிட்ட இடம் இரண்டு, படங்களை வரிசைப்படுத்துவது ஒன்று, ஈரத்துணிக் கேள்வி ஒன்று. பொருத்துக இல்லை. இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து, நடுவில் வெற்றிடம் என்ற அந்த அமைப்பில் ஒவ்வொரு வரியையும் குழந்தை மற்ற ஐந்தோடும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஐந்து சோடி என்று நாம் நினைப்பது அவனுக்கு இருபது, இருபத்தைந்து வாசிப்புகள். பொருத்துக வைத்தே தீர வேண்டும் என்றால் மூன்று சோடிகளுக்கு மேல் வேண்டாம். கோடு இழுக்கச் சொல்வதற்குப் பதிலாக எண்ணை எழுதச் சொல்லலாம். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் கண்டுபிடிக்கச் சொல்வதும், கட்டங்களுக்குள் சொல் தேடச் சொல்வதும் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அவை அவன் குறையைத்தான் சோதிக்கின்றன, பாடத்தை அல்ல.

கேள்வியின் வாசகத்திலும் கை வைக்க வேண்டும். ‘கீழ்க்காணும் வினாக்களுக்குப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்து அதனைச் சுற்றி வட்டமிடுக’ என்பது ஒன்பது சொல். ‘சரியான விடைக்கு வட்டம் போடு’ என்பது நான்கு. அதன் கீழே ஒரு கேள்விக்கு ஏற்கெனவே வட்டம் போட்டுக் காட்டியிருந்தால் அந்த நான்கையும் படிக்காமலே புரிந்துவிடும்.

தமிழில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது எதிர்மறை. ‘வெப்பம் குறைந்தால் நீர் வேகமாக ஆவியாகாது’ என்று ஒரு சரியா தவறா கேள்வி. ‘ஆவியாகும்’, ‘ஆவியாகாது’ இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி, பொருளைக் கடைசி இரண்டெழுத்தில் மாற்றிக்கொள்கின்றன. நீண்ட சொல்லின் முன்பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகிப்பது இக்குழந்தைகள் தாமாகக் கண்டுகொண்ட தற்காப்பு. அந்த ஊகம் இங்கே விடையைத் தலைகீழாக்கிவிடும். எதிர்மறை வாக்கியத்தை நேர்மறையாக்குங்கள். முடியாவிட்டால் ‘ஆவியாகாது’ என்று அந்த முடிவைத் தடிப்பாக்குங்கள்.

கோடிட்ட இடத்திலும் இப்படியொரு பொறி உண்டு. ‘________ஆல் நீர் ஆவியாகிறது’ என்று வேற்றுமை உருபைக் கோட்டின் வாலில் தொங்கவிடுகிறோம். குழந்தைக்கு விடை ‘வெப்பம்’ என்று தெரியும். அதை ‘வெப்பத்தால்’ என்று மாற்றி, அதில் ‘வெப்பத்த்’ எங்கே நின்று ‘ஆல்’ எங்கே தொடங்குகிறது என்று பிரித்து எழுதுவது வேறொரு பாடம். அறிவியல் தாளில் இலக்கணம் எதற்கு? வாக்கியத்தின் நேர் கீழே ‘வெப்பத்தால் / குளிரால்’ என்று முழுச் சொற்களாகவே கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சொற்களையெல்லாம் தாளின் தலையில் ஒரு பெட்டிக்குள் அடைத்துவைத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் கண் மேலே போய்க் கீழே வர வேண்டும். திரும்பும்போது வரி தப்பும்.

ஈரத்துணிக் கேள்விக்கு விடையை வாயால் சொல்ல விடுங்கள். டீச்சரோ பக்கத்துப் பையனோ எழுதிக்கொள்ளட்டும். அவனே எழுத விரும்பினால் அகலமான இரண்டு கோடுகள் போதும், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

மாற்றிய தாள் உதவுகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தையிடம் ‘பிடிச்சிருக்கா’ என்று கேட்டால் ‘பிடிச்சிருக்கு’ என்றுதான் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரே அளவு கடினமான இரண்டு சிறு பத்திகளை எடுத்து, ஒன்றைப் பழைய வடிவிலும் மற்றதைப் புதிய வடிவிலும் தந்து, ஒரு நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பத்தியை இரண்டு முறை தந்தால் இரண்டாம் முறை நினைவு உதவிவிடும். எத்தனை சொல் படித்தான், எத்தனை இடத்தில் பிழை, எத்தனை முறை வரி தப்பியது என்று மூன்றை மட்டும் குறியுங்கள். அடுத்த நாள் வேறிரு பத்திகளை, வரிசையை மாற்றித் தாருங்கள். ஓரிரு வாரத்தில் அந்தக் குழந்தைக்கு 14 புள்ளி போதுமா 16 வேண்டுமா, எழுத்து இடைவெளி உதவுகிறதா தொல்லையா என்பது தெரிந்துவிடும். சில பிள்ளைகள் இடைவெளி மிகுந்தால் சொல்லை ஒன்றாகப் பார்க்க முடியாமல் முன்னைவிட மெதுவாகப் படிப்பார்கள். அவர்களுக்கு இடத்தைக் குறைப்பதே உதவி.

திருத்திய தாளும் நிறையச் சொல்லும். வரிகள் விட்டுப்போயிருந்தால் இடைவெளி போதவில்லை. முதல் பாதி சரியாகவும் பின்பாதி தவறாகவும் இருந்தால், பின்பாதிக் கேள்விகள் எளியவையாக இருந்தும்கூட அப்படியென்றால், அளவு இன்னும் அதிகம், களைத்துப் போகிறான். தொடக்கத்திலிருந்தே தவறுகள் சிதறிக் கிடந்தால் பத்தியின் மொழி அவன் வாசிப்பு நிலைக்கு மேலே இருக்கிறது. வாக்கியங்களைச் சுருக்க வேண்டும், அல்லது யாராவது படித்துக் காட்ட வேண்டும். தாளில் தவறிய கேள்வியையே வாயால் கேட்கும்போது சரியாகச் சொன்னால் குறை தாளில். வாயாலும் சொல்லத் தெரியவில்லை என்றால் பாடம் புரியவில்லை. அதற்கு எந்த வடிவமைப்பும் மருந்தாகாது, மறுபடி சொல்லித்தர வேண்டும்.

கணினியும் அச்சுப்பொறியும் இல்லாத பள்ளியில் என்ன செய்வது? ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கலாம். அது 141 சதவீதம் பெருக்கும். ஆனால் எழுத்தோடு இடைவெளியும் அதே விகிதத்தில்தான் வளரும், பக்கத்தின் நெரிசல் அப்படியே இருக்கும். அதனால் பெரிதாக்கிய பிறகு கத்தரிக்கோல் எடுங்கள். கேள்விகளைத் தனித்தனிப் பட்டைகளாக வெட்டி, வேண்டியவற்றை மட்டும் இடைவெளி விட்டு வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். அல்லது கெட்டி அட்டையில் இரண்டு வரி அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டி, பாடப்புத்தகத்தின் மேலேயே நகர்த்திப் படிக்கக் கொடுங்கள். பளபளப்பில்லாத, இளமஞ்சள் சாயல் கொண்ட தாள் கண்ணுக்கு இதம். கூசுவதைத் தவிர்க்க அது போதும். வண்ணக் கண்ணாடித்தாளை மேலே வைத்துப் படித்தால் டிஸ்லெக்சியா சரியாகும் என்று யாராவது விற்க வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

வகுப்பில் கதிருக்கு மட்டும் பெரிய எழுத்தும் பொம்மைப் படமுமாக ஒரு தாள் வந்தால், பக்கத்தில் இருப்பவன் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்த முறை அந்தத் தாளையே அவன் வாங்க மாட்டான். கார்ட்டூன் ஓரங்களும் ஒன்றாம் வகுப்புப் படங்களும் வேண்டாம். எழுத்துரு, இடைவெளி, தெளிவான வாசகம் ஆகியவற்றை வகுப்பு முழுவதற்கும் ஒன்றாகவே தந்துவிடலாம். அவற்றால் யாருக்கும் நட்டமில்லை, தட்டுத்தடுமாறிப் படிக்கும் இன்னும் சிலருக்கும் உதவும். கேள்வி எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும். மற்றவர்களுக்கு மூன்றாம் தாள் ஒன்று கூடுதலாகப் போகட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாளை மாற்றுவது வாசிக்கக் கற்றுக்கொடுக்காது. அறிவியலும் கணக்கும் வாசிப்புத் தடையால் கைநழுவிப் போகாமல் காப்பதுதான் அதன் வேலை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் முறையான பயிற்சி தினமும் தனியாக நடந்தாக வேண்டும். அந்தப் பயிற்சியின் தாளில் வாசிப்பை நீக்கக் கூடாது, அளவைத்தான் குறைக்க வேண்டும். வாசிப்பு தேறத் தேற, ஏழை எட்டாக்கி, எட்டைப் பத்தாக்கலாம்.

இது ஆசிரியரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் என்று பெற்றோர் தயங்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தகைய குழந்தைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளும் கடமையைக் கல்வி நிறுவனங்களின் மேல் வைத்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தருவதையும் அது குறிப்பிடுகிறது. சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளிடம் மதிப்பீடும் வழிகாட்டலும் கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்காக மாற்றிய தாள் ஒவ்வொன்றையும், அதற்கு இணையான பழைய தாளையும், தேதி எழுதி ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். பழைய வடிவில் 22க்கு 6 வாங்கிய குழந்தை புதிய வடிவில் 7க்கு 6 வாங்கியிருப்பதை அடுத்த வகுப்பு ஆசிரியர் கண்ணால் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்தக் கோப்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.